ஒரு பக்கக் கதைச்சுருக்கம், ஒரு பக்க பட்ஜெட்: குடியாத்தத்துக் குறும்படம் ஒன்றுக்கான விண்ணப்பம் உருவான விதம்

இங்கே எடுத்துக்கொள்வது ஒரே ஒரு மாதிரி விண்ணப்பம். குறும்படங்களுக்குச் சிறு நிதி கொடுக்கும் ஐந்து பேர் குழு. ஒரு படத்துக்கு அதிகபட்சம் 1,50,000 ரூபாய். கேட்பது இரண்டு தாள்தான்: ஒரு பக்கக் கதைச்சுருக்கம், ஒரு பக்க பட்ஜெட். அதன்பின் பத்து நிமிட நேர்காணல். கதை குடியாத்தத்தில் பீடி சுற்றும் ஒரு பாட்டியைப் பற்றியது. படத்தின் பெயர் 'பெருவிரல்'. முதல் வடிவம் ஏன் நிற்காது, கடைசி வடிவம் எப்படி வந்தது என்பதைக் கணக்கோடு எழுதியிருக்கிறோம். இதில் உள்ள வாடகையும் சம்பளமும் மாதிரிக்காகப் போட்டவை. உங்கள் படத்துக்கு நீங்களே கொட்டேஷன் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் வடிவத்தின் தொடக்கம் இப்படி இருந்தது:

"வேலூர்க் கோட்டையின் மீது சூரியன் உதிக்கிறது. வீரம் விளைந்த இந்த மண்ணில் இன்றும் கண்ணீரோடு வாழும் பீடித் தொழிலாளர்களின் அவலத்தை உலகுக்குச் சொல்லும் படம் இது. ரேஷன் கடை வாசலில் நீண்ட வரிசை. ஆதார் இயந்திரம் பாட்டியின் ரேகையை ஏற்க மறுக்கிறது. பேத்தி பள்ளிக்குப் போகாமல் பாட்டியுடன் அலைகிறாள். இரவு ரயில் கடந்து போகிறது. பாட்டி தண்டவாளத்தைப் பார்த்தபடி நிற்கிறாள்…"

படிக்கும்போது உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் குழுவில் இருப்பவர் கதைச்சுருக்கத்தை ஒரு கையிலும் பட்ஜெட்டை மறு கையிலும் வைத்துக்கொண்டுதான் படிப்பார். பட்ஜெட்டில் நான்கே வரி இருந்தது: கேமரா 40,000, தயாரிப்புச் செலவு 50,000, பிந்தைய பணிகள் 40,000, இதர செலவு 20,000. மொத்தம் சரியாக 1,50,000. அதிகபட்சத் தொகையைத் தெரிந்துகொண்டு அதற்கு ஏற்ப எண்களை நிரப்பியது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். எத்தனை நாள், எத்தனை பேர், நாளுக்கு எவ்வளவு என்று எதுவுமே இல்லை. 'இதர' என்ற ஒரு வரி மட்டும் மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டுகிறது.

இதைச் சரிசெய்ய ஒரு எளிய வேலை உண்டு. கதைச்சுருக்கத்தை அச்செடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் பென்சிலால் அதன் செலவை எழுதிக்கொண்டே போக வேண்டும். 'பெருவிரல்' முதல் வடிவத்தில் அப்படி எழுதினால் வருவது இதுதான்.

கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே படமெடுக்க முன்கூட்டியே உரிமம் வேண்டும், கட்டணமும் உண்டு. கதையோ குடியாத்தத்தில் நடக்கிறது. வேலூர் என்றால் கோட்டை என்ற பழக்கத்தில் வந்து விழுந்த வாக்கியம் அது. ஒரு ஷாட்டுக்காகத் தனி அனுமதி, தனிப் பயணம், அரை நாள். ரயில் காட்சிக்கு ரயில்வே அனுமதி வேண்டும். தண்டவாளத்தின் ஓரம் ரகசியமாக எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவர் தலையில்தான் அது விடியும். 'நீண்ட வரிசை' என்ற இரண்டு சொல்லுக்கு 30 பேர் வேண்டும். ஆளுக்கு 500 கூலியும் மதியச் சாப்பாட்டுக்கு 150-உம் வைத்தால் 19,500 ரூபாய். வரிசையைச் சத்தத்தில் கொண்டுவந்தால் போதும்: எடைத்தட்டு, பையைத் தட்டும் ஓசை, பின்னாலிருந்து "நவுருமா, நேரமாவுது" என்ற ஒரு குரல். மூன்று பேர் இருந்தால் நடந்துவிடும்.

மூன்று வாக்கியங்களும் போய்விட்டன. கதைக்கு ஒரு குறையும் வரவில்லை. செலவு எழுதிப் பார்க்கும்போதுதான் எந்தக் காட்சி கதையைத் தாங்குகிறது, எது அலங்காரத்துக்கு நிற்கிறது என்று தெரிகிறது.

அடுத்தது கதையிலேயே இருந்த ஓட்டை. நிதிக்குழுவில் உள்ளூர்க்காரர் ஒருவராவது இருப்பார். ரேஷன் கடைக்குப் போய்ப் பழக்கப்பட்டவர் உடனே கேட்பார்: "சனிக்கிழமையும் கடை உண்டே, அன்னிக்குக் கூட்டிட்டுப் போனா படிப்பு ஏன் கெடுது?" அடுத்த கேள்வி: "ரேகை விழலன்னா முதியவங்க வேற ஆளை நியமிக்கலாமே? கண்ணைப் பாக்குற கருவிகூட வந்துடுச்சே?" இரண்டுமே நியாயமான கேள்விகள். பேத்தி படிப்பை இழக்கிறாள் என்ற சிக்கல் அந்த இடத்திலேயே கலைந்துபோகும்.

அதனால் சிக்கலை வேறு இடத்தில் தேட வேண்டியிருந்தது. கார்டில் பெயர் இருக்கும் யார் ரேகை வைத்தாலும் பொருள் கிடைக்கும். அந்த வீட்டில் இருப்பது இருவர். பாட்டியின் ரேகை தேய்ந்துவிட்டது. ஈர இலை, கத்தரிக்கோல், நூல் என்று நாற்பது வருடம் இழைந்த விரல். பேத்தியின் விரல்தான் இனி அந்த வீட்டுக்குச் சாவி. அதே பேத்திதான் மாலையில் பீடிக்கு நூல் கட்டிக் கொடுக்கிறாள். அந்த உதவி இல்லாமல் ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி என்ற எண்ணிக்கை வராது. ஆயிரம் வேண்டுமா, அந்த விரல் வேண்டுமா என்பதுதான் கேள்வி. சட்டம், அரசு, இயந்திரம் எல்லாம் பின்னால் போய்விட்டன. ஒரு வீட்டுக்குள், பீடி சுற்றும் ஒரு முறத்தின் முன்னால், ஒரு மாலையில் முடிவாகிற விஷயமாகக் கதை சுருங்கியது.

கடைசி வடிவம் முழுதாக இது:

"குடியாத்தத்தில் ஒரு சந்து. 64 வயது கன்னியம்மாவும் 11 வயதுப் பேத்தி செல்வியும் மட்டுமே அந்த வீட்டில். கன்னியம்மா பீடி சுற்றுகிறார். ஒரு நாளைக்கு ஆயிரம், அதாவது இருபத்தைந்து பீடி கொண்ட நாற்பது கட்டு கொடுக்க வேண்டும். செல்வி பள்ளி விட்டு வந்து நூல் கட்டினால்தான் கணக்கு நேராகும்.

மாதத் தொடக்கம். ரேஷன் கடையில் கன்னியம்மாவின் பெருவிரலை இயந்திரம் ஏற்கவில்லை. ஐந்து முறை வைத்தும் சிவப்பு விளக்கு. வேறு ஆளை நியமிக்கலாம் என்று விற்பனையாளர் ஒரு படிவத்தை நீட்டுகிறார். கன்னியம்மா கைநாட்டு வைக்கிறார். வெறும் மைத்திட்டு விழுகிறது. செல்வி தன் விரலை இயந்திரத்தில் வைக்கிறாள். பச்சை விளக்கு.

அன்று மாலை செல்வி வழக்கம்போல முறத்தின் முன் உட்காருகிறாள். கன்னியம்மா அவள் விரலைத் திருப்பிப் பார்க்கிறார். நூல் அழுத்திய கோடு. முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். செல்விக்குக் காரணம் புரியவில்லை.

இரவு. வாசலில் கணக்கெடுக்க வந்தவரின் குரல்: 'எவ்ளோ?' 'முப்பது கட்டு.' 'நாளைக்கு?' கன்னியம்மா உள்ளே பார்க்கிறார். செல்வி கை விரித்துத் தூங்குகிறாள். 'நாளைக்கும் அவ்ளோதான்.'"

இதில் 'அவலம்', 'கண்ணீர்' என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். கேமரா பார்க்கக்கூடியதும் மைக் கேட்கக்கூடியதும் மட்டும்தான் இருக்கின்றன. விதிவிலக்கு ஒன்று, "செல்விக்குக் காரணம் புரியவில்லை". அதையும் குழந்தையின் முகத்தில் காட்டிவிடலாம் என்பதால் விட்டுவைத்திருக்கிறது. முடிவும் மறைக்கப்படவில்லை. "முடிவு திரையில்" என்று எழுதிவைப்பது பெரிய தவறு. முடிவு தெரியாமல் யாரும் பணம் கொடுக்க மாட்டார்கள்.

பக்கத்தின் மேலே பெயர், நீளம், மொழி, களம் என ஒரு வரி. கீழே, ஏன் இந்தக் களம், யார் நடிப்பார், எப்படி எடுக்கப்படும் என்று நான்கு வரி. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 250 சொல் என்றால் 12 புள்ளி எழுத்தில் ஒரு ஏ4 தாளில் மூச்சுவிட இடத்தோடு அமையும். எழுத்தை 9 புள்ளிக்குக் குறைத்து 400 சொல்லை அடைப்பது குழுவின் கண்ணுக்குச் செய்யும் தண்டனை. ஒருங்குறி எழுத்துருவிலேயே அடித்து பிடிஎஃப் ஆக்கி அனுப்ப வேண்டும். பழைய எழுத்துருவில் அடித்த வேர்டு கோப்பு அடுத்தவர் கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். கோப்பின் பெயரும் `Peruviral_Synopsis.pdf` என்பதுபோல் இருக்கட்டும். `final_new2.pdf` என்று வந்தால், எது யாருடையது என்று அவர்கள் தேட வேண்டியிருக்கும்.

இப்போது பட்ஜெட். படம் 10 நிமிடம், படப்பிடிப்பு மூன்று நாள். ஒரு குறும்படத்துக்கு மூன்று நாளா என்று கேட்டால், காரணம் செல்வி. குழந்தைத் தொழிலாளர் சட்ட விதிகளின்படி, நடிக்கும் குழந்தையிடம் ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. ஓய்வின்றித் தொடர்ந்து 3 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. படப்பிடிப்பு நடக்கும் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி பெற வேண்டும். குழந்தையின் வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டை அவர் பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். ஆக, செல்வி காட்சிகள் சனி, ஞாயிறு இரண்டு நாள். காலை 9 முதல் 12, பிறகு 1 முதல் 3. திங்களன்று பாட்டி மட்டும்: கைகள், கத்தரிக்கோல், கடைசி இரவு. குடியாத்தம் என்றால் விண்ணப்பம் வேலூர் ஆட்சியருக்கு. 2019-இல் மாவட்டம் பிரிந்த பிறகு ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்கும், ஆற்காடு, வாலாஜா ராணிப்பேட்டைக்கும் போய்விட்டன. களத்தை ஆம்பூருக்கு மாற்றினால் மனுவின் முகவரியும் மாறும்.

கணக்கு:

கேமரா, லென்ஸ், உடன் வரும் உதவியாளர் பேட்டாவுடன்: 3 நாள் × 8,000 = 24,000
நேரடி ஒலிப்பதிவு, கருவிகளுடன்: 3 × 6,000 = 18,000
எல்இடி விளக்கு இரண்டு, ரிஃப்ளெக்டர்: 3 × 2,500 = 7,500
ஒளிப்பதிவாளர்: 3 × 4,000 = 12,000
நடிகர்கள்: பாட்டி 3 × 2,500, சிறுமி 2 × 3,000, விற்பனையாளர் 1 × 1,500 = 15,000
சாப்பாடு, டீ: 11 பேர் × 3 × 300 = 9,900
வேன்: 3 × 3,500 = 10,500
வீடும் காலிக் கடையும்: 3 × 1,500 = 4,500
கலைப்பொருள்: 5,000
தங்கும் அறை: 2 அறை × 3 இரவு × 900 = 5,400
எடிட்டிங், கலர்: 12,000
ஒலிக்கலவை: 8,000
ஹார்டு டிஸ்க்: 2 × 4,500 = 9,000
சப்டைட்டில்: 1,500
கூட்டுத்தொகை: 1,42,300
எதிர்பாராச் செலவு, 10 விழுக்காடு: 14,230
மொத்தம்: 1,56,530
படக்குழுவின் சொந்தப் பங்கு (எடிட்டிங், கலர்): 12,000
கோரும் தொகை: 1,44,530

சில வரிகளைத் தனியாகப் பேச வேண்டும். சென்னையிலிருந்து கேமரா வாடகைக்கு எடுத்தால் கருவியோடு ஒரு உதவியாளரும் வருவார். அவருடைய பேட்டா, சாப்பாடு, தங்கும் இடம் நம் பொறுப்பு. 11 பேரில் அவரையும் சேர்த்திருக்கிறது. கருவி முதல் நாள் மாலையே கிளம்பும். அந்தப் பயண நேரத்துக்கும் வாடகை உண்டா என்று முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். கொட்டேஷனில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்பதும் அப்படித்தான். 24,000-க்கு மேல் 18 விழுக்காடு என்றால் 4,320 ரூபாய். எதிர்பாராச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் அதிலேயே கரைந்துவிடும்.

ஹார்டு டிஸ்க் இரண்டு என்பது ஆடம்பரமில்லை. ஒன்று வேனில், ஒன்று அறையில். இரண்டும் ஒரே பையில் இருந்தால் ஒரு டிஸ்க் இருப்பதற்குச் சமம்.

ரேஷன் கடைக்கு நிஜக் கடை கேட்கவில்லை. அனுமதி கிடைத்தாலும் விநியோகம் நடக்கும் நேரத்தில் எடுக்க முடியாது. அதே தெருவில் பூட்டிக் கிடக்கும் ஒரு கடையை ஒரு நாள் எடுத்து, சாக்கு, தராசு, விலைப்பலகை, ஒரு பழைய ஸ்வைப் இயந்திரம் வைத்தால் போதும். கலைப்பொருளுக்கான 5,000 இதற்குத்தான். பீடிக்குள் புகையிலைத் தூள் வைக்கவே கூடாது. குழந்தை தொடுகிற பொருள். உலர்ந்த தேயிலைத் தூள் கேமராவுக்கு வித்தியாசம் காட்டாது. இலை நிஜ இலையாக இருக்கலாம். முந்தின இரவே நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைக்காவிட்டால், க்ளோசப் எடுக்கும் நேரத்தில் சுற்றச் சுற்ற விரியும். இந்த ஒரு வரியைப் பட்ஜெட்டின் குறிப்பில் எழுதினாலே, எழுதியவர் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவர் என்று தெரிந்துவிடும்.

எடிட்டர் தன் கணினியில் கூலி வாங்காமல் செய்கிறார் என்றால் அந்த வரியைப் பூஜ்யமாக்கிவிடக் கூடாது. 12,000 என்று மதிப்புப் போட்டு, சொந்தப் பங்காகக் கழிக்க வேண்டும். பூஜ்யம் என்றால் மறந்துவிட்டார்கள் என்று நினைப்பார்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் தவணை. இதுபோன்ற நிதி பெரும்பாலும் ஒரே தடவையில் வராது. முன்பணம் பாதி, மீதி படம் ஒப்படைத்த பிறகு என்று வைத்துக்கொள்வோம். முதல் தவணை 72,265. படப்பிடிப்பு முடியும் நாள்வரை போகும் செலவு, எடிட்டிங், ஒலிக்கலவை, சப்டைட்டில் மூன்றையும் கழித்தால், 1,20,800. துண்டு விழுவது 48,535. இந்தத் தொகை எங்கிருந்து வரும் என்பதற்கு நேர்காணலுக்கு முன்பே பதில் வேண்டும். பட்ஜெட்டின் அடியிலேயே, "செலவின் பெரும்பகுதி படப்பிடிப்பில் போவதால் 80 விழுக்காட்டை முதல் தவணையாகத் தர வேண்டுகிறோம்" என்று எழுதலாம். 80 விழுக்காடு 1,15,624. துண்டு 5,176-ஆகச் சுருங்கும், அதைக் கைக்காசில் சமாளிக்கலாம். கேட்பதில் வெட்கமில்லை. கேட்காமல் வாங்கிக்கொண்டு பாதியில் நின்ற படங்கள்தான் அடுத்த விண்ணப்பக்காரர்களின் வழியை அடைக்கின்றன.

நேர்காணலில் பத்து நிமிடம். தாளை வாசித்துக் காட்டக்கூடாது. அது அவர்கள் கையிலேயே இருக்கிறது. மூன்று நிமிடம் பேசி ஏழு நிமிடத்தைக் கேள்விக்கு விடுவது நல்லது. முதல் நிமிடத்தில் பாட்டியும் பேத்தியும் அந்த முறமும். இரண்டாவதில் எப்படி எடுக்கப்போகிறோம்: கேமரா பாட்டியின் உட்கார்ந்த உயரத்திலேயே இருக்கும், ரேஷன் கடையில் மட்டும் நிற்கும் உயரத்துக்கு எழும். மூன்றாவதில் மூன்று நாள் ஏன், குழந்தைக்கு என்ன ஏற்பாடு. மேசைமேல் ஒரு பீடி இலையையும் வெட்டும் தகட்டையும் வைத்தால், வேறு படம் காட்டத் தேவையில்லை.

பீடி என்றதும் வரும் கேள்வி புகையிலை எச்சரிக்கை. புகையிலைப் பொருளைக் காட்டும் படம் திரையரங்குக்குப் போனால், தொடக்கத்திலும் நடுவிலும் குறைந்தது 30 விநாடி விழிப்புணர்வுப் படமும், 20 விநாடி ஒலி-ஒளி எச்சரிக்கையும் வேண்டும். பத்து நிமிடப் படத்தில் அது நூறு விநாடி. அந்தப் பொருள் காட்சியில் வரும்போது திரையின் அடியில் எச்சரிக்கை வரியும் ஓட வேண்டும். ஓடிடிக்கும் 2023 முதல் இதேபோன்ற விதி உண்டு. "தெரியும், நடுவில் நிறுத்துவதற்கு ரேஷன் கடைக்கும் மாலைக்கும் இடையில் இடம் விட்டிருக்கிறோம்" என்று சொல்ல முடிந்தால் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

கடைசிக் கேள்வி பெரும்பாலும் பணத்தில் வந்து நிற்கும்: "1,25,000 கொடுத்தால் எடுப்பீர்களா?" "எடுத்துவிடுவோம்" என்று சொல்வது எல்லா எண்களையும் பொய்யாக்கும் பதில், கேட்டதில் கொழுப்பு இருந்தது என்று ஒப்புக்கொள்வதாகிவிடும். "முடியாது" என்பதும் உதவாது. குறைகிற 19,530 எந்த வரியிலிருந்து என்று தாளின் பின்பக்கம் முன்பே கணக்கு இருக்க வேண்டும். 'பெருவிரல்' படத்தில் அது மூன்றாம் நாள். குழந்தை இல்லாத, பேச்சும் இல்லாத நாளாக அதை மாற்ற வேண்டும். வாசல் குரல் வரும் கடைசிக் காட்சியை ஞாயிறு இரவுக்கு நகர்த்தினால், ஒலிப்பதிவாளரும் விளக்கும் திங்களன்று வேண்டாம்: 8,500. ஆறு பேர் சாப்பாடு குறையும்: 1,800. வேனுக்குப் பதில் ஆட்டோ என்றால் மிச்சம்: 2,500. ஓர் அறை குறையும்: 900. ஆக 13,700; அதோடு எதிர்பாராச் செலவில் 1,370. மீதி 4,460 கைப்பணம். குழந்தையின் நேரத்திலும் சம்பளத்திலும் கை வைக்கவில்லை. திங்களன்று மைக் இருக்காது என்பதால், இலையில் கத்தரிக்கோல் ஓடும் சத்தமும் நூல் இழுபடும் சத்தமும் சனிக்கிழமை மாலை 3 மணிக்குச் செல்வி கிளம்பியதும், மின்விசிறியை நிறுத்திவிட்டு, தனியாகப் பதிவு செய்யப்படும்.